இரண்டு மார்ச் இருப்பேன் என்று சொல்லுங்கள்

வணக்கம். எனக்கு 44 வயது. எம்.காம்., எம்பிஏ. சென்னையில் ஓர் ஐடி நிறுவனத்தில் நிதிப் பிரிவு மேலாளராக இருந்தேன். எனக்குக் கீழே ஒன்பது பேர், ஆண்டுக்கு 16 லட்சம் சம்பளம். அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் முற்றியதால் ஏழு மாதம் முன்பு வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கே வந்துவிட்டோம். கணவர் கோவைக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார், மகள் இங்கே பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் சீனியர் அக்கவுண்டன்ட் வேலைக்கு மூன்று இடங்களில் நேர்காணலுக்குப் போனேன். மாதம் 38,000 என்றார்கள். மூன்றிலும் "உங்க தகுதிக்கு இது சின்ன வேலைங்க மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த வேலையாக இருந்தாலும் செய்கிறேன், சம்பளம் எனக்குப் பிரச்சினையே இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. ஆறே மாதத்தில் போய்விடுவேன் என்கிறார்கள். பயோடேட்டாவிலிருந்து எம்பிஏவையும் மேலாளர் பதவியையும் எடுத்துவிடலாமா? ஆர்வம் குறையாமல் வேலை செய்வேன் என்று இவர்களை எப்படித்தான் நம்ப வைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "எந்த வேலையாக இருந்தாலும் செய்கிறேன்", "சம்பளம் எனக்குப் பிரச்சினையே இல்லை" என்ற இரண்டு வாக்கியங்களையும் நீங்கள் மனசாரத்தான் சொல்லியிருப்பீர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் காதில் அவை வேறு மாதிரி விழுந்திருக்கும். முதலாவதைக் கேட்டதும், "இந்தம்மாவுக்கு இப்போதைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும், நம் வேலைதான் வேண்டும் என்றில்லை" என்று நினைத்திருப்பார். இரண்டாவதைக் கேட்டதும், "இந்தச் சம்பளம் இல்லாமலும் இவர்கள் வீடு ஓடும், அப்படியென்றால் ஒரு நாள் மனசு வெறுத்தால் மறுநாள் வரமாட்டார்" என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் ஒன்றைச் சொல்கிறேன். பெரிய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜராக இருந்த ஒருவரை, நூறு பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனிக்கு நானே அனுப்பி வைத்தேன். செப்டம்பரில் சேர்ந்தார். நல்ல வேலைக்காரர். பிப்ரவரி முதல் வாரத்தில் சென்னையில் பெரிய வேலை கிடைத்ததும் பத்து நாள் அவகாசத்தில் கிளம்பிவிட்டார். மார்ச் கணக்கு முடிக்க வேண்டும், பேங்க் லிமிட் புதுப்பிக்க ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஜிஎஸ்டி நோட்டீஸ் ஒன்றுக்குப் பதில் பாதியில் நிற்கிறது. எந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த முதலாளி இரண்டு மாதம் ஆடிட்டர் ஆபீசுக்கும் கம்பெனிக்கும் அலைந்தார். அதற்குப் பிறகு நான் எத்தனை பேரை அனுப்பினாலும் அவர் முதலில் பார்ப்பது பழைய சம்பளத்தைத்தான். கூடுதலாக இருந்தால் அங்கேயே பயோடேட்டாவைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"உங்க தகுதிக்கு இது சின்ன வேலைங்க" என்று இந்த ஊரில் சொல்லும்போது, பெரும்பாலும் அந்த பிப்ரவரிதான் அவர்கள் மனசில் இருக்கிறது. உங்கள் படிப்பைப் பற்றிய பேச்சே இல்லை அது. அதனால் "ஆர்வமாக வேலை செய்வேன்" என்று எத்தனை முறை சொன்னாலும் பலன் இருக்காது. கிளம்பிப் போனவரும் சேரும்போது அதையேதான் சொன்னார். இனிமேல் செய்யப் போவதைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. ஏற்கனவே செய்து முடித்ததைச் சொன்னால் வரும்.

உங்களிடம் அது நிறையவே இருக்கிறது. கணவர் மாற்றல் வாங்கி வந்தாயிற்று. மகள் பிளஸ் ஒன் சேர்ந்தாயிற்று, பிளஸ் டூ முடிக்காமல் யாரும் குழந்தையை ஊர் மாற்ற மாட்டார்கள். அம்மாவின் நோய் மாதக்கணக்கில் தீர்கிறது இல்லை. இந்த மூன்றையும் நேர்காணலில் சொன்னீர்களா? சொல்லியிருந்தாலும், அவர்கள் கேட்ட பிறகு, சங்கடத்தோடு, கடைசியில் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது. நம் பெண்கள் வீட்டு விஷயத்தை வேலை இடத்தில் பேசக்கூடாது என்று பழகிவிட்டார்கள். பொதுவாக அது சரியான பழக்கம்தான். உங்கள் விஷயத்தில் அதை உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், அவர் கேட்பதற்கு முன்னால், நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். அம்மாவின் நோயைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். கூடவே, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் "அடிக்கடி லீவ் போடுவார்" என்ற அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் காலத்தை அவர்கள் கணக்கில் சொல்லுங்கள். "ரொம்ப நாள் இருப்பேன்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "இரண்டு மார்ச் இருப்பேன்" என்றால் உடனே புரியும். கணக்குத் துறையில் ஒருவர் முதல் மார்ச்சில் பழைய குழப்பங்களைத்தான் கண்டுபிடிப்பார், இரண்டாவது மார்ச்தான் அவருடைய சொந்தக் கணக்கு. இது முதலாளிக்கும் தெரியும், ஆடிட்டருக்கும் தெரியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அம்மாவுக்காக ஊருக்கே வந்துட்டோம்ங்க. வீட்டுக்காரர் கோயம்புத்தூருக்கு மாத்தல் வாங்கிட்டார், பொண்ணு இங்க பிளஸ் ஒன் படிக்கறா. பகல்ல அம்மாவைப் பார்த்துக்க ஆள் வெச்சிருக்கோம். ரெண்டு மார்ச் உங்க கணக்கை முடிச்சுக் குடுக்காம நான் வேற இடம் பார்க்க மாட்டேன். அதுக்கப்புறம் விலகறதா இருந்தாலும் தொண்ணூறு நாள் முன்னாடி சொல்லுவேன். ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் விலகல் கடிதம் குடுக்க மாட்டேன். இதை ஆர்டர்லயே எழுதிக்கலாம்ங்க."

கடைசி வரி முக்கியம். எழுதித் தரத் தயார் என்று நீங்களாகச் சொல்வதும், அவர்கள் கேட்டு நீங்கள் தயங்குவதும் ஒன்றல்ல. ஆனால் எழுதித் தருவது நோட்டீஸ் காலத்தோடு நிற்கட்டும். அசல் சான்றிதழ்களைக் கேட்டாலோ, வெற்றுக் காசோலையில் கையெழுத்துக் கேட்டாலோ கொடுக்காதீர்கள். இதைக் கேட்கிற இடம் இன்னும் சிலது இருக்கிறது, அங்கே வேலைக்குச் சேராமல் இருப்பதே மேல். இன்னொன்று, இரண்டு மார்ச் என்பதை உங்களால் முடியும் என்று வீட்டில் பேசி முடிவு செய்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். முடியாது என்றால் ஒரு மார்ச் என்று சொல்லுங்கள். உண்மையான ஒரு மார்ச்சுக்கும் வேலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

எம்பிஏவையும் மேலாளர் பதவியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் ஒருவருக்கு ஒன்றுதான். புதிய இடத்தில் அதைக் கொடுத்த பிறகு, நீங்கள் எங்கெங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தீர்கள் என்பது தெரிய வாய்ப்பு உண்டு. மறைத்தது தெரிந்தால், "போய்விடுவாரோ" என்ற பயம் "பொய் சொல்லிவிட்டார்" என்று மாறும். கணக்கு எழுத வருகிறவருக்கு அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. பஞ்சாப் நேஷனல் வங்கி 2016-இல் பியூன் வேலைக்கு ஆள் எடுத்தபோது பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ஒருவர் தன் பட்டத்தைச் சொல்லாமல் விண்ணப்பித்துத் தேர்வானார். பிறகு அது தெரிந்து வங்கி அவரை நீக்கியது. ஒடிசா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும், 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கி செய்தது சரியே என்றது. கூடுதல் படிப்பை மறைத்ததும் மறைத்ததுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் பனியன் கம்பெனியில் அப்படி நிபந்தனை எதுவும் இல்லை, ஆகவே அதே சட்டச் சிக்கல் வராது. இருந்தாலும் முதலாளியின் மனசு அதே வழியில்தான் போகும்.

எதையும் அழிக்காமல் வரிசையை மட்டும் மாற்றுங்கள். இப்போது உங்கள் பயோடேட்டாவின் முதல் பத்தியில் "ஒன்பது பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன், பட்ஜெட் தயாரித்தேன், மேலிடத்துக்கு அறிக்கை அளித்தேன்" என்றுதான் இருக்கும் என நினைக்கிறேன். சீனியர் அக்கவுண்டன்ட் தேடுகிறவருக்கு இதில் ஒரு வரிகூட உதவாது. அவர் மனசில் இருக்கும் கேள்வி, "டேலியில் உட்கார்ந்து என்ட்ரி போடுவாரா?" என்பதுதான். ஆகவே நீங்கள் கையால் செய்த வேலைகளை மேலே கொண்டுவாருங்கள்: ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பேங்க் ரீகன்சிலியேஷன், ஆடிட்டருக்கு ஷெட்யூல் தயாரித்தது. மேலாளரான பிறகு இதையெல்லாம் கீழே இருந்தவர்கள்தான் செய்தார்கள் என்றால், உண்மையாகவே கை விட்டுப்போயிருக்கும். ஆடிட்டர் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவர் ஆபீசில் ஒரு மாதம் பகுதி நேரமாக உட்காருங்கள். இரண்டு மூன்று வாடிக்கையாளர்களுக்கு 11-ஆம் தேதிக்குள் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி என்று ஒரு முழுச் சுற்றை உங்கள் கையால் முடியுங்கள். "போன மாதம் மூன்று கம்பெனிக்கு நானே ரிட்டர்ன் போட்டேன்" என்று சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். ஏழு மாத இடைவெளியையும் அது மூடிவிடும். நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் "ஃபைனான்ஸ் ஹெட் வாய்ப்புத் தேடுகிறேன்" என்று பழைய வரி ஏதாவது இருந்தால் இன்றே மாற்றுங்கள். ஆள் எடுப்பவர்கள் நேர்காணலுக்கு முந்தைய இரவு பார்ப்பது அதைத்தான்.

இனி சொல்லப் போவதுதான் இந்தப் பதிலில் நான் முக்கியமாக நினைப்பது. நீங்கள் மூன்று இடத்திலும் உங்களுக்கு என்ன தெரியும் என்பதைத்தான் பேசியிருக்கிறீர்கள். அந்த வேலையில் உங்களுக்குத் தெரியாதது எது என்று யோசித்தீர்களா? இருக்கிறது, கொஞ்சமல்ல. ஐடி நிறுவனத்தில் சரக்கு என்ற ஒன்றே கிடையாது. பனியன் கம்பெனியில் கணக்கே சரக்கின் பின்னால்தான் ஓடுகிறது. நூல் வாங்குவது இவர்கள். துணியாகப் பின்னுவது வேறு நிட்டிங் கம்பெனி, சாயம் போடுவது இன்னொருவர், துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங் இன்னொருவர், பிரிண்டிங் வெளியே, சில சமயம் தையலும் வெளியே. எல்லாம் ஜாப் ஒர்க். ஒவ்வொரு முறையும் சரக்கு டிசி என்ற டெலிவரி சலான் போட்டுத்தான் வெளியே போகும், வேறொரு டிசியில் திரும்பி வரும், எடை மட்டும் ஒத்துப்போகாது.

உதாரணத்துக்கு 500 கிலோ நூல் நிட்டிங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 494 கிலோ துணியாக வருகிறது. அது சாயப்பட்டறைக்குப் போய் 462 கிலோவாகத் திரும்புகிறது. இதில் எவ்வளவு நியாயமான கழிவு, எவ்வளவு பட்டறையிலேயே தங்கிவிட்டது, எவ்வளவு இன்னும் வரவேண்டிய பாக்கி? வெள்ளைத் துணிக்கு ஒரு கழிவு, அடர்ந்த நிறத்துக்கு வேறொன்று. புரொடக்‌ஷன் மேனேஜர் நோட்டில் ஓர் எண் இருக்கும், டேலியில் வேறு எண் இருக்கும், பட்டறைக்காரர் பில்லில் மூன்றாவது எண் இருக்கும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜிஎஸ்டி கேட்பார்கள். இந்தக் கணக்கை ஐடிசி-04 என்ற படிவத்தில் காட்டவும் வேண்டும். திருப்பூரில் பல அக்கவுண்டன்ட்களுக்குத் தலைவலி இதுதான். சென்னையில் உங்களுக்குக் கீழே ஒன்பது பேர் இருந்தார்கள் என்பது இங்கே ஒரு கிலோவுக்கும் கணக்குச் சொல்ல உதவாது.

இதைத் தெரிந்துகொண்டு போய் இப்படிச் சொல்லுங்கள்: "ஜிஎஸ்டியும் பேங்க் வேலையும் எனக்குப் பழக்கம்ங்க. ஜாப் ஒர்க் கணக்கு நான் செஞ்சதில்ல. டிசி மேட்ச் பண்றதை உங்க சீனியர்கிட்டக் கத்துக்கணும், மூணு மாசமாவது ஆகும்." இதைக் கேட்டதும் பேச்சின் திசையே மாறிவிடும். அதுவரை "இவருக்கு நம் வேலை சின்னது" என்று நினைத்தவர், இவருக்கும் நம்மிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று பார்ப்பார். கற்க வேண்டியது பாக்கி இருக்கிறவர் சலித்துப்போய் ஆறு மாதத்தில் கிளம்ப மாட்டார் என்று அவரே முடிவுக்கு வருவார், நீங்கள் சொல்லவே தேவையில்லை. இதை உத்தியாக மட்டும் செய்யாதீர்கள். போவதற்கு முன் ஒரு நிட்டிங் கம்பெனியையோ சாயப்பட்டறையையோ நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊரில் சொந்தக்காரர் யாராவது ஒருவர் அந்தத் தொழிலில் இல்லாமல் இருக்க மாட்டார். பார்த்துவிட்டு வந்து உங்களுக்கே சுவாரசியமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், முதலாளி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, நீங்கள் வேறு வகை வேலை தேடுவது நல்லது.

அடுத்தது, நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒருவர். அந்தக் கம்பெனியில் ஏற்கனவே ஒரு கணக்காளர் இருப்பார். வயது உங்களைவிடக் குறைவாக இருக்கலாம். வெறும் பி.காம். அல்லது டிகிரி முடிக்காதவராகக்கூட இருக்கலாம். பன்னிரண்டு பதினைந்து வருடமாக முதலாளி வீட்டுக் கரண்ட் பில் வரை அவர்தான் கட்டுகிறார். நீங்கள் அவருக்குக் கீழேதான் வேலை செய்யப் போகிறீர்கள். நேர்காணல் முடிந்து நீங்கள் வெளியே வந்ததும் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, எப்படி?" என்று கேட்பார். அவர், "நல்லாத்தான் இருக்காங்க. ஆனா பெரிய இடத்துல இருந்தவீங்க, நமக்குச் சரிப்பட்டு வருங்களா?" என்பார். உங்கள் மூன்று நேர்காணல்களில் ஒன்றாவது இந்த இடத்தில்தான் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தன் நாற்காலி போய்விடுமோ என்று அவர் பயப்படுகிறார். பதினைந்து வருடம் உழைத்தவருக்கு அந்தப் பயம் வருவது இயற்கை, அதை மதிக்க வேண்டும்.

அதனால் அவரைப் பார்க்காமல் நேர்காணலை முடிக்காதீர்கள். "நான் யாரோட சேர்ந்து வேலை செய்யணுமோ அவர்கிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசலாங்களா?" என்று நீங்களே கேளுங்கள். அவரிடம் உங்கள் பழைய கம்பெனி எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை பேச வேண்டாம். மாதத்தில் எந்த நாட்கள் அவருக்கு நெருக்கடியானவை, எந்த வேலை அவர் தலையில் அதிகமாக விழுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் 14-ஆம் தேதிக்குப் பிறகு வருகிற நாட்களைச் சொல்வார். சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அன்றைக்குத்தான் வரும். அதைப் பர்ச்சேஸ் கணக்கோடு ஒப்பிட்டு, எந்த சப்ளையர் பில் ஏற்றவில்லை என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, 20-க்குள் ரிட்டர்ன் போட வேண்டும். "அந்த ஒப்பிடற வேலையை நான் எடுத்துக்கறேன்ங்க, வேணும்னா இப்பவே ஒரு மாசத்துக்கு உட்கார்ந்து செஞ்சு காட்டறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அரை நாள் வேலை அது. கம்பெனி ரகசியம் என்று மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், சொன்னதே போதும். செய்ய விட்டால், எக்செல்லில் நீங்கள் கை வைக்கிற வேகத்தைப் பார்த்து அவரே முதலாளியிடம் உங்களுக்காகப் பேசுவார். அரை நாளுக்கு மேல் சம்பளமில்லாமல் வேலை செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்களைவிட இளையவர் ஒருவருக்குக் கீழே எப்போதாவது வேலை செய்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு பிராஜெக்டில் ஆறு மாதம் செய்திருந்தால்கூடப் போதும். அந்த நபரின் போன் எண்ணை, அவரிடம் கேட்டுவிட்டு, விசாரித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். "ஈகோ இல்லாமல் பழகுவேன்" என்று நீங்கள் சொல்வதைவிட அந்த ஒரு போன் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "பிரச்சினையே இல்லை" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். அவர்கள் சொன்ன 38,000-க்குக் கீழேயும் இறங்காதீர்கள், இறங்கினால் சந்தேகம்தான் கூடும். அந்தப் பணம் உங்களுக்குத் தேவை என்று தெரிய வேண்டும். "வீட்டுச் செலவு அவர் சம்பளத்துல நடக்குதுங்க. என் சம்பளம் பொண்ணோட காலேஜுக்கும் அம்மாவைப் பார்த்துக்கற ஆளுக்கும். 38,000 அதுக்குக் கணக்காச் சரியா இருக்கும். வருஷா வருஷம் மத்தவங்களுக்குப் போடற இன்கிரிமெண்ட் போதும்" என்றால், சென்னைச் சம்பளத்தோடு நீங்கள் இதை ஒப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது விளங்கும்.

கடைசியாக, உங்கள் ஆர்வம். வேலை கிடைத்த பிறகு எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் ஒரு சோர்வு வரத்தான் செய்யும். ஜாப் ஒர்க்கும் பிடிபட்டிருக்கும், செய்ததையே செய்துகொண்டிருப்பீர்கள். இதற்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பெர்ரின் எர்டோகன், டாலியா பாவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துருக்கியில் ஒரு துணிக்கடைத் தொடரில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் தகுதிக்கு வேலை சிறியது என்று உணர்ந்தவர்கள்தான் அங்கே அதிகமாக விற்றிருந்தார்கள். அவர்களிலும், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் இருப்பதாக உணர்ந்தவர்களுக்கு மனக்குறையோ, விலகிப் போகும் எண்ணமோ கூடவில்லை. அந்தச் சுதந்திரம் இல்லாதவர்கள்தான் வாடினார்கள். நான் என் வேலையில் பார்த்ததும் இதுவேதான். பதவி குறைந்ததை விட, தனக்கென்று எதுவும் இல்லாமல் போவதுதான் ஆளைத் துரத்துகிறது.

ஆகவே சேரும்போதே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தையும் பதவிப் பெயரையும் விட்டுவிடுங்கள். "ஆறு மாசத்துக்கு அப்புறம் ஜாப் ஒர்க் கணக்கை முழுசா என் பொறுப்புல விடுங்க, மாசா மாசம் எந்தப் பட்டறையில எத்தனை கிலோ நிக்குதுன்னு ஒரே தாளில் உங்க மேஜைக்கு வரும்" என்று கேளுங்கள். முதலாளிக்கு அது தேவையான தாள். உங்களுக்கு அது சொந்தமான வேலை. சீனியருக்கோ ஒரு தலைவலி குறையும், நாற்காலிக்கும் ஆபத்தில்லை. இப்படி ஒன்றைக் கேட்டதும் முகம் சுளிக்கிற கம்பெனியாக இருந்தால், அங்கே உங்களால் இரண்டு மார்ச் இருக்க முடியாது. சேராமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

புதிய இடம் தேடுவதற்கு முன், ஏற்கனவே பார்த்த மூன்றில் உங்களுக்குப் பிடித்திருந்த ஒன்றுக்கு மறுபடி எழுதிப் பாருங்கள். இந்த ஊரில் சேர்ந்த ஆள் நிற்காமல் அந்த இடம் மறுபடி காலியாவது சாதாரணம். வாட்ஸ்அப்பில் நாலே வரி போதும்:

"வணக்கம்ங்க. போன மாதம் அக்கவுண்டன்ட் வேலைக்கு வந்து பார்த்தேன். நான் சீக்கிரம் போய்விடுவேன் என்று நீங்கள் தயங்கியது நியாயம்தான், அன்றைக்கு நான் சரியாக விளக்கவில்லை. குடும்பத்தோடு திருப்பூரிலேயே தங்கிவிட்டோம், மகள் இங்கே பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு மார்ச் கணக்கு முடித்துக் கொடுப்பதாக எழுதியே தருகிறேன். ஜாப் ஒர்க் கணக்கை உங்கள் சீனியரிடம் கற்றுக்கொள்ள வேண்டும், அவரை ஒரு பத்து நிமிடம் பார்க்க முடியுமா?"

இதை 10-ஆம் தேதியிலிருந்து 20 வரை அனுப்பாதீர்கள், ரிட்டர்ன் நெருக்கடியில் யாரும் படிக்க மாட்டார்கள். 21-ஆம் தேதி காலை பத்து மணிக்கு அனுப்புங்கள்.